வசனமே இல்லாத ஐந்து நிமிடக் குறும்படம்: ஒரு கதவுக் கீலை வைத்து எழுதிப் பார்ப்போம்

வசனம் இல்லாத குறும்படம் எழுத உட்காரும் பலர், முதலில் வசனம் உள்ள ஒரு கதையை யோசிக்கிறார்கள். அப்புறம் அதிலிருந்து வசனத்தை மட்டும் உருவிவிடுகிறார்கள். மிஞ்சுவது என்னவென்றால், இரண்டு பேர் எதிரெதிரே நின்று கையை ஆட்டுவார்கள், தலையை அசைப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள். பார்ப்பவருக்கு ஒரே ஒரு கேள்விதான் தோன்றும்: "இவங்க ஏன் வாயைத் திறந்து பேச மாட்டேங்கறாங்க?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் காட்டும் எதுவும் அவருக்குள் இறங்காது.

அதனால் கதைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது, பேச முடியாத அல்லது பேசத் தேவையில்லாத ஒரு சூழ்நிலையை. தனியாக இருப்பவர் பேச மாட்டார். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தால் மற்றவர் பேச மாட்டார். நடுவில் கண்ணாடியோ சுவரோ இருந்தால், இயந்திரம் இரைந்துகொண்டிருந்தால், ஒளிந்துகொண்டிருந்தால் பேச்சுக்கு வழியே இல்லை. இப்படி ஒரு காரணம் கதைக்குள்ளேயே இருந்தால் அமைதி இயல்பாகிவிடும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கதையை எடுத்துக்கொள்கிறேன். நான் எழுதிப் பழகிய ஒன்று. இரவில் தாமதமாக வீட்டுக்கு வரும் மகன். தன் அறையில் விழித்திருக்கும் அப்பா. நடுவில் ஒரு கூடம், மூடிய கதவு. மகன் ஓசைப்படாமல் உள்ளே வரப் பார்க்கிறான். அதனால் இருவரும் பேசாமல் இருப்பதற்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

ஒரு தவறான புரிதலைத் தேடுங்கள்

வசனம் இல்லாமல் சொல்ல எளிதான கதை எது என்று கேட்டால், ஒருவர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு பிறகு சரியாகப் புரிந்துகொள்ளும் கதை என்பேன். ஏனென்றால் அதே படத்தையும் அதே ஓசையையும் இரண்டு முறை காட்டலாம். முதல் முறை ஒரு பொருள், இரண்டாம் முறை வேறு பொருள். அந்த மாற்றம்தான் கதை. அதைச் சொல்ல ஒரு வார்த்தைகூட வேண்டாம்.

நம் கதையில் வாசற்கதவின் கீல் துருப்பிடித்திருக்கிறது. திறந்தால் "கிரீச்" என்று கத்தும். மகன் ஒவ்வொரு இரவும் மாட்டிக்கொள்வது அந்தச் சத்தத்தால்தான். சத்தம் வந்த சில நொடிகளில் அப்பாவின் அறைக் கதவுக்கு அடியில் தெரியும் வெளிச்சம் அணையும். "நீ எத்தனை மணிக்கு வந்தாய் என்று எனக்குத் தெரியும்" என்று அப்பா சொல்வதாகவே மகன் எடுத்துக்கொள்கிறான். ஒரு நாள் கீலுக்கு எண்ணெய் விடுகிறான். அன்று இரவு சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறான். ஆனால் வெளிச்சம் அணையவே இல்லை. விடிகாலையில் எழுந்து பார்த்தால், அப்பா இன்னும் தூங்காமல் ஷூவோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கிரீச் சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்குத் தூக்கம் வரும் என்பது மகனுக்கு அப்போதுதான் புரிகிறது.

உங்கள் கதையையும் இந்த அச்சில் இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள்: இந்த ஓசையை (அல்லது இந்தப் பொருளை) இவர் முதலில் இப்படி நினைத்தார், பிறகு இப்படி நினைத்தார். எழுத வரவில்லையென்றால் திரைக்கதைக்குப் போக வேண்டாம். பக்கங்கள் நிறையும், கதை வராது.

பொருள்களைக் குறையுங்கள், ஒவ்வொன்றையும் பல முறை பயன்படுத்துங்கள்

என் முதல் வரைவில் கடிகாரம், குடும்பப் புகைப்படம், மருந்துப் புட்டி, சாவிக்கொத்து, டார்ச் லைட், ஷூ, எண்ணெய்க் குப்பி என்று ஏழெட்டுப் பொருள்கள் இருந்தன. பார்ப்பவர் ஒவ்வொரு பொருளையும் ஒரு தடயமாக எடுத்துக்கொள்வார் என்பதை நான் யோசிக்கவில்லை. வசனம் இருக்கும் படத்தில் மேசைமேல் ஒரு மருந்துப் புட்டி இருந்தால் அது வெறும் மருந்துப் புட்டி. வசனம் இல்லாத படத்தில் அது நோய். வரைவைப் படித்த நண்பர்கள் மூவரில் இருவர், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அதைத்தான் மறைக்கிறார்" என்று கதையை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார்கள்.

கடைசியில் மிஞ்சியவை மூன்று: கதவுக் கீல், எண்ணெய்க் குப்பி, ஷூ. இவற்றில் கதையைத் தாங்குவது ஷூதான். அதை எங்கெங்கே வைத்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஷூ அலமாரி. முதல் இரவில் மகன் தன் ஷூவைக் கழற்றிச் சத்தமில்லாமல் அதில் வைக்கிறான். பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள், கவனிக்கவும் கூடாது. அதற்குப் பிறகு அப்பாவின் அறைக்குள்ளிருந்து "டொக்" என்று ஒரு சத்தம், சற்று விட்டு இன்னொரு "டொக்", உடனே வெளிச்சம் அணைகிறது. அது என்ன சத்தம் என்று நாம் காட்டுவதில்லை. மறுநாள் காலையில் அப்பா கனமான ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார். ஆக, அது வெளியே போவதற்கான ஷூ என்பது பதிந்துவிட்டது. இரண்டாம் இரவில், மகன் கதவிடுக்கு வழியாகப் பார்க்கும்போது அந்த ஷூ அப்பாவின் காலில் இருக்கிறது, கயிறு இறுக்கமாகக் கட்டியிருக்கிறது. அந்த ஒரு ஷாட்டில் பழைய காலி இடமும் பழைய இரண்டு சத்தங்களும் விளங்கிவிடுகின்றன. ஒவ்வொரு இரவும் அவர் தேடிப் போகத் தயாராக உட்கார்ந்திருந்தார். மகன் வந்த சத்தம் கேட்ட பிறகுதான் ஷூவைக் கழற்றிப் போட்டார்.

ஓசையைப் பயன்படுத்த இரண்டு வழிகள் உண்டு என்பதை இங்கே பாருங்கள். கீலின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலிலேயே காட்டிவிட்டோம். அதனால் பின்னால் அது வராமல் போனால், அந்த இல்லாமையே கேட்கும். ஷூவின் சத்தத்தை முதலில் ஓசையாக மட்டும் கொடுத்துவிட்டு, அதன் மூலத்தைப் பிறகு காட்டுகிறோம். முதல் வழி எதிர்பார்ப்பை உண்டாக்கும். இரண்டாவது வழி சின்னப் புதிரை விட்டுவைக்கும். ஐந்து நிமிடப் படத்துக்கு இரண்டிலும் ஒவ்வொன்று போதும்.

முதல் வரைவின் முடிவில் மகன் சாவிக்கொத்தைக் கீழே போட்டுச் சத்தம் எழுப்புவதாக எழுதியிருந்தேன். வேலை செய்தது, ஆனால் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. சாவி அதற்கு முன் கதையில் எதையும் சுமக்கவில்லை என்பதுதான் காரணம். முடிவுக்கு ஏதாவது தேவைப்பட்டால் புதிதாகத் தேடாதீர்கள், ஏற்கெனவே அறைக்குள் இருப்பதைத் திரும்பிப் பாருங்கள். நான் திரும்பிப் பார்த்தபோது ஷூ அங்கேயே இருந்தது.

படம் பிடிக்க முடியாத வரிகளை அடியுங்கள்

இனி எழுத்து. கட்டுப்பாடு ஒன்றுதான்: கேமராவால் பார்க்க முடிவதும் மைக்கால் கேட்க முடிவதும் மட்டுமே தாளில் இருக்க வேண்டும். "மகன் தன் தவறை உணர்கிறான்" என்ற வரியை யாராலும் படம் பிடிக்க முடியாது. நடிகரின் கையில் அந்த வரியைக் கொடுத்தால், அவர் கண்ணை அகலமாக்கித் தலையைக் குனிந்து மூச்சை இழுத்துவிடுவார். மிகை நடிப்பு பெரும்பாலும் தாளில்தான் தொடங்குகிறது.

அதற்குப் பதிலாக அவன் எதைப் பார்க்கிறான், அடுத்து என்ன செய்கிறான் என்று எழுதுங்கள். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலஷோவ் என்ற இயக்குநர், உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தின் ஷாட்டை ஒரு கிண்ணம் சூப்போடும், பிறகு ஒரு சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார். முகம் மாறவில்லை, ஆனால் பார்த்தவர்கள் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள் என்பது அவர் பெயராலேயே வழங்கும் சோதனை. திரைக்கதைக்கு இதிலிருந்து கிடைப்பது இதுதான்: முகத்தை வர்ணிக்க வேண்டாம், முகத்துக்குப் பிறகு வரும் ஷாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். நம் கதையில் அது காலில் கட்டிய ஷூ.

எழுதும்போது ஒரு வரிக்கு ஒரு ஷாட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். "க்ளோசப்", "லாங் ஷாட்" என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. "கயிறு இறுக்கமாகக் கட்டிய ஷூ" என்று எழுதினாலே அது நெருங்கி எடுக்க வேண்டிய ஷாட் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு திருட்டு வழியும் உண்டு. கடிதம், கைப்பேசிச் செய்தி, நாட்குறிப்பு, தொலைக்காட்சிச் செய்தி. இவையெல்லாம் வேறு வேடத்தில் வரும் வசனம். "எங்கே இருக்கிறாய்? ஏன் இவ்வளவு நேரம்?" என்று அப்பா அனுப்பிய செய்தியைத் திரையில் காட்டினால் கதை ஒரு நொடியில் விளங்கும், பார்ப்பவருக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. எனக்குத் தெரிந்து இதைத் தவிர்க்க எளிய வழி, வாசிக்கக்கூடிய எழுத்து எதுவும் சட்டகத்துக்குள் வரக்கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்வது.

ஓசைக்குத் தனி வரி

ஆங்கிலத் திரைக்கதையில் முக்கியமான ஓசைகளைப் பெரிய எழுத்தில் எழுதுவது வழக்கம். தமிழில் பெரிய எழுத்து இல்லை. அதனால் வர்ணனைக்குள் ஓசையைப் புதைத்தால், படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு ஓசைக்கும் தனி வரி கொடுத்து "ஒலி:" என்று தொடங்குங்கள். அமைதிக்கும் அப்படியே ஒரு வரி. எழுதாத அமைதியை எடிட்டிங்கில் யாராவது இசை போட்டு நிரப்பிவிடுவார்கள்.

நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. கிரீச், டொக், சலசல, மடமட, நறநற என்று ஓசையைக் காதில் விழும்படியே எழுதும் சொற்கள் தமிழில் ஏராளம். "கதவின் ஓசை" என்று எழுதினால் ஒன்றும் கேட்பதில்லை. "கிரீ...ச்" என்று எழுதினால் எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதுகூடத் தெரியும்.

நேரம் கடந்ததையும் ஓசையால் சொல்லலாம். மகன் வரும்போது பூச்சிகளின் இரைச்சல், அவன் எழுந்து வரும்போது முதல் பறவையின் குரல். கடிகாரத்தைக் காட்டத் தேவையே இல்லை.

இப்போது கடைசிப் பகுதியை முழுதாகத் தருகிறேன். இதற்கு முன் மூன்று காட்சிகள் இருக்கின்றன: முதல் இரவு, மறுநாள் காலையில் அப்பா கிளம்பியதும் மகன் கீலுக்கு எண்ணெய் விடுவது, இரண்டாம் இரவில் சத்தமின்றி உள்ளே வந்து வெற்றிக் களிப்போடு தன் அறைக்குப் போவது.

காட்சி 4. உள் – கூடம் – விடிகாலை

இருட்டு. ஜன்னலில் மட்டும் லேசான நீலம்.

ஒலி: தூரத்தில் ஒரு பறவை. பூச்சிகளின் இரைச்சல் இப்போது இல்லை.

மகன் தூக்கக் கலக்கத்தோடு வருகிறான். தலை கலைந்திருக்கிறது. வெறுங்கால்.

நிற்கிறான்.

அப்பாவின் அறைக்கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது. இடுக்கில் மஞ்சள் வெளிச்சம்.

மெல்லக் கிட்டே போய் இடுக்கு வழியாகப் பார்க்கிறான்.

அப்பா கட்டில் விளிம்பில். நேற்றைய சட்டை. முகம் கதவுப் பக்கம் இல்லை, ஜன்னல் பக்கம்.

அவர் காலில் ஷூ. கயிறு இறுக்கமாகக் கட்டியிருக்கிறது.

மகனின் முகம். அசைவில்லை.

ஷூ அலமாரி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காலி இடங்கள்.

மகன் வாசற்கதவுக்குப் போகிறான். தாழ்ப்பாளை விலக்கி மெல்லத் திறக்கிறான்.

ஒலி: ஒன்றும் இல்லை.

மூடுகிறான். வேகமாகத் திறக்கிறான்.

ஒலி: ஒன்றும் இல்லை.

கீல். எண்ணெய் மினுமினுக்கிறது.

மகன் தன் அறைக்குள் போய்த் தன் ஷூவோடு திரும்புகிறான். அலமாரிக்கு முன் நின்று ஒரு ஷூவைத் தோள் உயரத்துக்குத் தூக்குகிறான். விடுகிறான்.

ஒலி: டொக்.

இன்னொன்று.

ஒலி: டொக்.

அமைதி. பறவைகூட இல்லை.

அறைக்கதவின் இடுக்கு மெல்லச் சுருங்கி மூடிக்கொள்கிறது. கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு மட்டும்.

ஒலி: அறைக்குள்ளிருந்து – டொக்.

நீண்ட இடைவெளி.

ஒலி: டொக்.

வெளிச்சக் கோடு அணைகிறது.

இதில் இரண்டு காலி இடங்கள் எதற்கு என்று கேட்கலாம். படித்துப் பார்த்த ஒருவர், "மகன் வந்துவிட்டானா என்று அப்பா எழுந்துபோய்ப் பார்த்திருக்கலாமே?" என்றார். நியாயமான கேள்விதான். வசனத்தில் இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது, பொருளால்தான் சொல்ல வேண்டும். அதனால் மூன்றாம் காட்சியில் ஒரே ஒரு செயலை மாற்றினேன். சத்தம் வந்துவிடுமோ என்ற பயத்தில் மகன் தன் ஷூவை அலமாரியில் வைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு அறைக்குப் போகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான். அப்பா எழுந்துவந்து பார்த்திருந்தாலும் கண்ணில் படுவது காலி இடம்தான். முடிவில் மகன் கையில் ஷூ வருவதற்கும் அதுவே வழி செய்துவிட்டது.

நேரத்தைப் பக்கத்தால் அளக்காதீர்கள்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். அது ஆங்கிலத்தில் கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில், வசனம் பாதி வர்ணனை பாதி என்று எழுதும் திரைக்கதைக்கு உத்தேசமாகப் பொருந்தும். நமக்கு இரண்டு விதத்தில் பொருந்தாது. தமிழ்ச் சொற்கள் தாளில் எடுக்கும் இடம் வேறு. தவிர, "நீண்ட இடைவெளி" என்ற ஒரு வரி திரையில் பத்து நொடி ஓடலாம்.

ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்து பாருங்கள். கதவைத் திறங்கள், நில்லுங்கள், அறைக்குப் போய் ஷூவை எடுத்து வாருங்கள். மேலே உள்ள காட்சியை நான் மனத்துக்குள் படித்தபோது ஒரு நிமிடம் என்று தோன்றியது. நடந்து பார்த்தபோது இரண்டரை நிமிடத்தைத் தாண்டியது. பெரும்பாலும் ஆள் நடக்கும் நேரம்தான் நீளும். அறையிலிருந்து ஷூவை எடுத்து வருவதை முழுக்கக் காட்டாமல், உள்ளே போகிறான், அடுத்த ஷாட்டில் ஷூவோடு நிற்கிறான் என்று வெட்டுங்கள். ஆனால் இரண்டு "டொக்"குகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஒரு நொடியைக்கூடக் குறைக்காதீர்கள், அது கதையின் நேரம்.

படிக்கக் கொடுத்துப் பார்ப்பது

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும். அதனால் படித்தவரிடம் தாளை வாங்கிக்கொண்டு, கதையை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். அவர் தயங்கும் இடத்தில், "அவர் யார், அப்பாவா?" என்று கேட்கும் இடத்தில், ஒரு ஷாட் குறைகிறது அல்லது ஒரு பொருள் கூடுதலாக இருக்கிறது. முடிவு புரியவில்லை என்று சொன்னால் முடிவைத் தொடாதீர்கள். பெரும்பாலும் குறை முதல் காட்சியில் இருக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது. முதல் இரவில் கிரீச் சத்தத்துக்கும் வெளிச்சம் அணைவதற்கும் நடுவில் மகன் தண்ணீர் குடிப்பதாக வைத்திருந்தேன். அந்த இடைவெளியில், ஒன்றால்தான் மற்றது நடக்கிறது என்ற தொடர்பு அறுந்துபோயிருந்தது.

படப்பிடிப்புக்கு ஒரு குறிப்பு. கீல் சத்தத்தையும் ஷூ விழும் சத்தத்தையும் காட்சி எடுக்கும்போது கிடைத்ததோடு விட்டுவிடாதீர்கள். மைக்கைக் கிட்டே வைத்துத் தனியாகப் பல முறை பதிவு செய்யுங்கள். ஆளில்லாத கூடத்தின் வெறும் அமைதியையும் ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அமைதி என்று நீங்கள் எழுதிய இடங்களில் ஒலியை அடியோடு அறுத்துவிட்டால், பார்ப்பவர் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். இன்னொன்று, பலர் படத்தைக் கைப்பேசியிலேயே பார்ப்பார்கள். அதன் சின்ன ஸ்பீக்கரில் ஆழமான "தொம்" சத்தம் கேட்கவே கேட்காது. ரப்பர் அடி ஷூவைத் தவிர்த்து, கெட்டியான குதிகால் உள்ள ஷூவைக் கடினமான தரையில் போட்டுப் பதிவு செய்யுங்கள். அதோடு ஒவ்வொரு "டொக்"குக்கும் கதவடி வெளிச்சக் கோட்டில் ஒரு நிழல் அசையும்படி திரைக்கதையிலேயே சேர்த்துவிடுங்கள். காது தவறவிட்டதைக் கண் பிடித்துக்கொள்ளும்.

தலைப்பை மறந்துவிடாதீர்கள். வசனமில்லாத படத்தில் பார்ப்பவருக்குக் கிடைக்கும் சொற்கள் அது மட்டும்தான். நான் முதலில் "காத்திருப்பு" என்று வைத்திருந்தேன், கட்டில் விளிம்பில் நாம் காட்டப்போவதை அது முன்கூட்டியே சொல்லிவிட்டது. இப்போது தாளின் மேல் இருப்பது "எண்ணெய்".